டைப் பண்ணக் கொடுத்து அபராதம் கேட்பவர்கள்: டேட்டா என்ட்ரி மோசடியைக் கையெழுத்துக்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டு ‘ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்’ கேட்டால் அது மோசடி என்பது இன்று பலருக்கும் தெரியும். மோசடிக்காரர்களுக்கும் அது தெரிந்துவிட்டது. அதனால் ஒரு கூட்டம் முதலில் ஒரு பைசாவும் கேட்பதில்லை. வேலையைத் தருகிறார்கள், ஒப்பந்தம் போடுகிறார்கள், நாம் ராப்பகலாக உட்கார்ந்து செய்து முடிக்கிறோம். அதற்குப் பிறகுதான் பணம் கேட்கிறார்கள், அதுவும் ‘நீங்கள் ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்டஈடு கட்டுங்கள்’ என்று. வீட்டிலிருந்தே நாலு காசு சம்பாதிக்கலாம் என்று புதிதாக ஃபிரீலான்ஸ் பக்கம் வரும் கல்லூரி மாணவர்கள், குழந்தை பிறந்தபின் வேலையை விட்ட பெண்கள், ஓய்வு பெற்றவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். தப்பு தங்கள் மேல்தான் என்று நம்பிவிடுவதால் வீட்டில்கூடச் சொல்வதில்லை. இந்த ஒரு மோசடியை முழுதாகப் புரிந்துகொண்டால் மற்ற பலவற்றின் சூட்சுமமும் பிடிபட்டுவிடும். அதனால் இதையே விரிவாக எழுதுகிறேன்.

இது நடக்கும் விதம் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். வேலை தேடும் தளம் ஒன்றில் நீங்கள் ரெஸ்யூம் போட்டிருக்கிறீர்கள். ஒரு நாள் போன் வருகிறது. “வணக்கம் மேடம், உங்க ரெஸ்யூம் பார்த்தோம். வீட்லயே டைப்பிங் வொர்க் இருக்கு. ஒரு ஃபார்முக்கு 40 ரூபாய். 6 நாள்ல 600 ஃபார்ம் முடிச்சா 24,000 ரூபாய். டெபாசிட் எதுவும் கிடையாது மேடம்.” டைப்பிங் தெரியுமா என்ற கேள்விகூட வருவதில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வரும். ஆதார், பான் இரண்டின் படம், ஒரு போட்டோ, வெள்ளைத் தாளில் கையெழுத்து எல்லாவற்றையும் அனுப்பச் சொல்வார்கள். அப்புறம் முத்திரைத்தாள் போலத் தெரியும் ஒரு பிடிஎஃப் வரும். அதில் உங்கள் பெயர் ‘இரண்டாம் தரப்பு’ என்று இருக்கும். ‘11 மாத ஒப்பந்தம், 90 சதவீதத் துல்லியம் இல்லையென்றால் ஊதியம் இல்லை, வேலையை முடிக்காவிட்டாலோ இடையில் விலகினாலோ பராமரிப்புக் கட்டணமாக 6,500 ரூபாய் செலுத்த வேண்டும்’ என்பது நடுப்பக்கத்தில் எங்கோ பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். (தொகைகள் ஆளுக்கு ஆள் மாறும். இங்கே சொல்வது உதாரணத்துக்கு.)

இந்த 90 சதவீதம் என்ற இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மோசடியின் இயந்திரமே அதற்குள்தான் இருக்கிறது. கேட்கும்போது 90 என்பது எளிதாகத் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் 90 மார்க் எடுத்தவர் ‘இது என்ன பிரமாதம்’ என்று நினைத்துவிடுவார். ஆனால் அவர்கள் எழுத்தை எண்ணுவதில்லை, ஃபார்மை எண்ணுகிறார்கள். ஒரு ஃபார்மில் பெயர், முகவரி, பாலிசி எண், தேதி என்று 30 கட்டங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒரு கட்டத்தில் ஒரு புள்ளி விடுபட்டாலும் முழு ஃபார்மும் தவறு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும்.

இப்போது கணக்குப் போடுவோம். நீங்கள் மிகக் கவனமானவர், நூறு கட்டங்களுக்கு ஒன்றில்தான் பிழை விடுகிறீர்கள். அதாவது 99 சதவீதத் துல்லியம். 600 ஃபார்மில் மொத்தம் 18,000 கட்டங்கள், பிழைகள் 180. அவை அங்கங்கே சிதறி விழும்போது சுமார் 156 ஃபார்ம்களில் குறைந்தது ஒரு பிழையாவது இருக்கும். மீதமுள்ள 444 மட்டுமே சரி, அதாவது 74 சதவீதம். 99 சதவீதம் சரியாகச் செய்த ஆள் இங்கே படுதோல்வி! அவர்கள் கேட்கும் 90-ஐத் தொட வேண்டுமானால் சுமார் 285 கட்டங்களுக்கு ஒரு பிழைக்கு மேல் விடக்கூடாது. அதுவும் வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்ட படத்தைப் பார்த்து, 0 எது O எது என்று புரியாமல், ஒரு நாளைக்கு 100 ஃபார்ம் வீதம். ஒரு ஃபார்முக்கு 6 நிமிடம் என்று வைத்தாலும் நாளுக்கு 10 மணி நேரம் கண்ணை எடுக்காமல் உட்கார வேண்டும். கடைசி நாளில் அவர்களுடைய தளம் திறக்காமல் போவதும் உண்டு. அன்றைக்கு வாட்ஸ்அப்பிலும் பதில் வராது.

அது தற்செயலாக நடப்பதில்லை. நீங்கள் ஜெயிக்க முடியாதபடிதான் விளையாட்டு அமைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் டைப் செய்ததை யாரும் படிக்கப் போவதுமில்லை, அதற்கு வாங்குபவர் எவரும் கிடையாது. அவர்களுக்குத் தேவை உங்கள் கையெழுத்து, உங்கள் அடையாள அட்டை, நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்ற உணர்வு, இந்த மூன்றும்தான்.

அதனால் முதல் போன் வந்தவுடனேயே ஒரு கேள்வியை மனசுக்குள் கேட்டுப் பாருங்கள்: இந்த டைப் செய்த பக்கங்களை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் வசதி இன்று நம் கைபேசியிலேயே இலவசமாக இருக்கிறது. அச்சான ஆங்கிலப் பக்கத்தை அது நொடியில் எழுத்தாக்கித் தந்துவிடும். மனிதர்கள் டைப் செய்ய வேண்டிய வேலை இன்றும் இருக்கிறது, மறுக்கவில்லை. பழைய கையெழுத்துப் பதிவேடுகள், சிதைந்த ஆவணங்கள், படித்தெடுத்ததைச் சரிபார்ப்பது போன்றவை. ஆனால் அப்படிப்பட்ட வேலையை வைத்திருப்பவர் முதலில் இரண்டு பக்கம் மாதிரி செய்துகாட்டச் சொல்வார். தெளிவான படம்தான் தருவார், ஏனென்றால் சரியாக வரவேண்டும் என்பது அவருடைய தேவை. காப்பீட்டுப் பாலிசிதாரர்களின் முகவரியும் நோயாளிகளின் விவரமும் இருக்கும் ஃபார்ம்களை முகம் தெரியாத ஆளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் நிறுவனம் இருக்கிறது என்று நம்புவதற்கே கஷ்டமாக இருக்கிறது. உங்கள் திறமையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் அடையாள அட்டையை மட்டும் கேட்கும் ஆள், உங்கள் திறமையை வாங்க வந்தவர் அல்ல.

அடையாள அட்டை விஷயத்தில் புதியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். நிஜ வாடிக்கையாளரும் பான் கேட்பாரே? கேட்பார். இந்திய நிறுவனம் உங்களுக்குக் கட்டணம் தரும்போது டிடிஎஸ் என்ற வரியைப் பிடிக்க வேண்டியிருந்தால் பான் எண் தேவைப்படும். ஆனால் அது பேச்சு முடிந்து, வேலை உறுதியாகி, பில் போடும் நேரத்தில் வரும் கேள்வி. அப்போதும் எண்தான் வேண்டும், வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து எதற்கு? ஆதாருக்கு அந்த அவசியமும் இல்லை. அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களில் அடையாளச் சரிபார்ப்பு என்பது தளத்துக்கும் உங்களுக்கும் இடையே தளத்துக்குள்ளேயே நடப்பது. வாடிக்கையாளர் ஒருவர் டெலிகிராமுக்கு வரச்சொல்லி ‘வெரிஃபிகேஷன்’ என்று ஆதார் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். எங்காவது தவிர்க்கவே முடியாமல் ஆதார் தர வேண்டி வந்தால், ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட பிரதியை இறக்கிக் கொடுங்கள். ஓடிபி எண்ணை எவருக்கும் சொல்ல வேண்டிய நிலை வரவே வராது.

சரி, நிறுவனம் நிஜமா என்று பார்ப்பது எப்படி? இங்கேதான் பலர் பாதிவழியில் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் அனுப்பும் சான்றிதழ்களைப் பார்த்து ‘கவர்ன்மென்ட் சர்டிஃபிகேட்டே இருக்கே’ என்று சமாதானமாகிவிடுகிறார்கள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்று, தொழில் நடத்துபவர் தானே விவரம் சொல்லி இணையத்தில் இலவசமாகப் பெறுவது. அது நேர்மைக்கு அத்தாட்சி ஆகாது. ஜிஎஸ்டி எண் கொஞ்சம் பயன்படும். அதில் 15 இடங்கள் இருக்கும், முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, குஜராத்துக்கு 24. சென்னை அலுவலகம் என்று சொல்லிக்கொண்டு ஒப்பந்தத்தில் 24 என்று தொடங்கும் எண் மட்டும் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். www.gst.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில், எப்போது பதிவானது, இப்போது நடப்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பிரைவேட் லிமிடெட் என்று போட்டிருந்தால் www.mca.gov.in தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடலாம்.

ஆனால் இந்தத் தேடலுக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நல்ல நிறுவனம் ஒன்றின் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வது மோசடிக்காரருக்குப் பெரிய வேலையில்லை. அப்போது தேடினால் எல்லாம் சரியாகவே வரும். நிறுவனம் நிஜம், உங்களிடம் பேசுபவர்தான் போலி. அதை உடைக்க ஒரே வழி, அவர் தந்த எண்ணை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு ‘இப்படி ஒரு வேலை தருகிறீர்களா?’ என்று கேட்பது. தளமே சந்தேகமாக இருந்தால் lookup.icann.org என்ற முகவரியில் தளத்தின் பெயரைக் கொடுங்கள். அது எப்போது பதிவானது என்ற தேதி வரும். ‘15 வருடமாகத் தொழிலில் இருக்கிறோம்’ என்று எழுதியிருக்கும் தளம் போன மாதம் பிறந்திருந்தால் விஷயம் முடிந்தது. எல்லா .in தளங்களுக்கும் அங்கே விவரம் கிடைக்காமல் போகலாம், அப்போது www.registry.in பக்கம் போய்ப் பார்க்கலாம்.

ஒப்பந்தம் எழுதிய முத்திரைத்தாளையும் பார்க்கலாம். பலரைப் பயமுறுத்துவது அதுதான். அசோகச் சின்னம், பார்கோடு, 100 ரூபாய் என்ற பெரிய எழுத்து எல்லாம் பார்த்ததும் அரசாங்கமே எதிரில் நிற்பது போலத் தோன்றிவிடுகிறது. மின்முத்திரைச் சான்றாக இருந்தால் அதில் IN- என்று தொடங்கி மாநில எழுத்துகளுடன் ஒரு எண் இருக்கும். யார் முதல் தரப்பு, யார் இரண்டாம் தரப்பு, எந்தத் தேதியில் வாங்கியது என்பதும் அதிலேயே அச்சாகியிருக்கும். www.shcilestamp.com தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். உங்களிடம் நேற்றுதான் பேசினார்கள், ஆனால் தாளின் தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது, இரண்டாம் தரப்பில் உங்கள் பெயரே இல்லை என்றால், ஒரே தாளின் படத்தை ஊர் முழுக்க எல்லோருக்கும் ஒட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதையெல்லாம் செய்ய அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை உங்களுக்குத் தராமல் இருப்பதுதான் அவர்களுடைய வேலை. “மேடம், இன்னைக்கு நாலு மணிக்குள்ள அனுப்பலைன்னா ஸ்லாட் போயிடும்” என்பார்கள். “ஒப்பந்தத்தை முதலில் படிக்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன். அதோடு பத்து ஃபார்ம் மட்டும் முதலில் செய்து தருகிறேன், அதற்கான 400 ரூபாய் வந்ததும் மீதியைத் தொடர்கிறேன்” என்று எழுதி அனுப்பிப் பாருங்கள். நிஜமாக வேலை வைத்திருப்பவருக்கு இதில் மறுக்க எதுவும் இல்லை. தொகையைப் பற்றிப் பேரம் பேசலாம், நாலு நாள் தாமதிக்கலாம், ஆனால் கோபப்பட மாட்டார். மறுபக்கத்தில் குரல் மாறினால், உங்களுக்கு நேரம் மிச்சம்.

பணம் வரும் பக்கத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. யுபிஐ-யில் பணம் பெறுவதற்கு பின் எண் போட வேண்டியதில்லை, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டியதுமில்லை. ‘உங்கள் சம்பளம் இந்த க்யூஆரில் இருக்கிறது’ என்றால் அது உங்களிடமிருந்து போகும் பணம். இது பலருக்குத் தெரிந்திருக்கும். இன்னும் அதிகம் பேருக்குத் தெரியாதது, கூடுதலாக வந்துவிழும் பணம். 4,000 ரூபாய்க்கு லோகோ செய்யச் சொன்ன ‘வாடிக்கையாளர்’ 40,000 அனுப்பிவிடுவார். “சாரி சார், ஒரு சைபர் கூடிடுச்சு, மீதி 36,000-ஐ இந்த நம்பருக்குப் போட்டுவிடுங்க” என்பார். பணம் நிஜமாகவே கணக்கில் இருக்கும், அதனால் நீங்களும் நல்ல மனதோடு திருப்பி அனுப்புவீர்கள். ஆனால் அந்த 40,000 வேறு எங்கோ ஏமாந்த ஒருவருடையதாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்ததும் போலீஸ் அந்தப் பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வரும், வழியில் இருக்கும் உங்கள் கணக்கு முடக்கப்படும். நீங்கள் அனுப்பிய 36,000 அதற்குள் எங்கேயோ போயிருக்கும். இப்படி வந்தால் கூடுதல் தொகையைத் தொடாதீர்கள். சொன்ன எண்ணுக்கு அனுப்பாமல், உங்கள் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, வந்த கணக்குக்கே வங்கி வழியாகத் திருப்பச் சொல்லுங்கள். ‘உங்கள் அக்கவுண்டை வாடகைக்குத் தாருங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்’ என்று வங்கிக் கணக்குக்கோ ஃபிரீலான்ஸ் தளக் கணக்குக்கோ கேட்பதும் இதே காரியத்துக்காகத்தான் இருக்கும்.

இதைப் படிப்பவர்களில் சிலர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்காகச் சில வார்த்தைகள். முதல் போனில் இனிக்க இனிக்கப் பேசிய குரல் மாறி, இப்போது ‘வழக்கறிஞர்’ ஒருவர் பேசுவார். “உங்கமேல கேஸ் ஃபைல் ஆயிடுச்சு, இன்னைக்குள்ள 6,500 கட்டலைன்னா நாளைக்குப் போலீஸ் வீட்டுக்கு வரும்” என்பார். வாட்ஸ்அப்பில் நீதிமன்ற முத்திரை போட்ட ஒரு தாள் வரும். பணம் கட்டினால் ஆட்சேபமில்லை என்ற என்ஓசி சான்று தருகிறோம் என்பார்கள். கட்டினால் அடுத்து ஜிஎஸ்டி, அதற்கடுத்து கோர்ட் ஃபீஸ் என்று நீளும். கட்டாதீர்கள்.

சொன்ன வேலையைச் சொன்ன தரத்தில் முடிக்காதது அதிகபட்சம் ஒரு சிவில் தகராறு. அதற்காகப் போலீஸ் வந்து கைது செய்வதில்லை. ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதிவிட்டதாலேயே அது முழுவதும் வசூலாகிவிடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆவது பிரிவில், எழுதப்பட்ட தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே தரச் சொல்கிறது. எது நியாயம் என்று முடிவு செய்வது நீதிமன்றம், போனில் பேசுபவர் அல்ல. ஏமாற்றி வாங்கிய சம்மதத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தத்தை ஏமாந்தவர் செல்லாததாக்கிக்கொள்ள 19-ஆவது பிரிவு இடம் தருகிறது. வழக்கு நிஜமாகவே பதிவாகியிருந்தால் அதற்கு 16 இடங்கள் கொண்ட சிஎன்ஆர் எண் இருக்கும். அதை அவரிடமே கேளுங்கள், services.ecourts.gov.in தளத்தில் போட்டுப் பாருங்கள். நீதிமன்றங்கள் இப்போது மின்னணு வழியிலும் அழைப்பாணை அனுப்புவது உண்டு என்பதால், வாட்ஸ்அப்பில் வந்தது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஒதுக்கிவிட வேண்டாம். எண்ணைச் சரிபார்த்து முடிவு செய்யுங்கள். எண் தராமல் திட்டினால் பதில் தெரிந்துவிட்டது. வக்கீல் என்று சொல்பவரிடம் எந்த மாநில பார் கவுன்சில், என்ன பதிவு எண் என்றும் கேட்கலாம். நிஜ வக்கீலுக்கு அதைச் சொல்வதில் ஒரு தயக்கமும் இருக்காது.

பணம் போய்விட்டிருந்தால் நேரம்தான் முக்கியம். 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். பணம் இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் நின்றுகொண்டிருந்தால் அதை அங்கேயே நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும். பணம் அனுப்பிய விவரத்தில் இருக்கும் யுடிஆர் என்ற பரிவர்த்தனை எண், அனுப்பிய நேரம், அவர்களுடைய யுபிஐ முகவரி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுவது நல்லது. பணம் போகவில்லை, மிரட்டல் மட்டும்தான் என்றாலும் அதே தளத்தில் புகார் தரலாம். அந்த எண்களை sancharsaathi.gov.in தளத்தில் மோசடி அழைப்புகளைத் தெரிவிப்பதற்கான சக்ஷு பகுதியிலும் தெரிவிக்கலாம். எண்ணை பிளாக் செய்யும் முன் முழு உரையாடலையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஒப்பந்தப் பிடிஎஃப்பையும் சேர்த்து ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். ஆதார், பான் படங்களை அனுப்பியிருந்தால் ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து, உங்களுக்குத் தெரியாத கடன் எதுவும் உங்கள் பெயரில் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அடுத்த போன் வரும்போது பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் “எண்ணைச் சொல்லுங்க சார், சரிபார்த்துட்டுப் பேசுறேன்” என்று சொல்வது எவ்வளவோ சுலபமாகிவிடும்.